அட்வான்ஸ் பாக்கியைக் கேட்டு எழுதும்போது: கோபக் கேள்விகளைத் தெளிவான கோரிக்கைகளாக மாற்றுவது எப்படி

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அட்வான்ஸ் பணம் திரும்பி வராமல் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் நாங்கள் குடியிருந்த வீட்டை மார்ச் 31 அன்று காலி செய்தோம். நாற்பதாவது நாள் பொறுமை இழந்து வீட்டு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். அதில் இருந்தவை ஆறு வாக்கியங்கள், ஆறும் கேள்விகள்.

"சார், எத்தனை தடவைதான் உங்களிடம் கேட்பது? வீட்டைக் காலி செய்து நாற்பது நாள் ஆகிவிட்டது உங்களுக்குத் தெரியாதா? மீதிப் பணத்தை எப்போதுதான் தருவதாக உத்தேசம்? கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதற்கு நாங்கள் என்ன உங்களிடம் பிச்சையா கேட்கிறோம்? பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்த பிறகும் குளியலறைக் குழாய்க்குத் தனியாகப் பிடிப்பேன் என்பது எந்த ஊர் நியாயம்? போனைக்கூட எடுக்க முடியாத அளவுக்கு அப்படி என்ன வேலை?"

இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. "நான் என்ன ஊரைவிட்டு ஓடியா போய்விட்டேன்? பிச்சை என்று நான் சொன்னேனா? வயதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?" என்று அவரும் கேள்விகளாகவே எழுதியிருந்தார். வினாவுக்கு விடையாக இன்னொரு வினாவையே சொல்வதை 'வினா எதிர் வினாதல்' என்று பள்ளி இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். எங்களுக்குள் நடந்தது அதுதான். அவருடைய பதிலில் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நானும் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. அடுத்த மூன்று நாட்கள் அந்தப் 'பிச்சை' என்ற ஒரு சொல்லைப் பற்றியே இரு வீட்டாரும் பேசிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு அதே செய்தியை எப்படித் திருத்தி எழுதினேன் என்பதைப் படிப்படியாகக் கீழே தருகிறேன்.

1. செய்தியை வேறிடத்தில் எழுதிக் கேள்விகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

கோபத்தில் தோன்றுவதை முழுவதுமாக எழுதிவிடுங்கள்; அடக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வாட்ஸ்அப் பெட்டிக்குள் தட்டச்சு செய்யாதீர்கள், ஏனெனில் விரல் தவறி அனுப்பிவிடுவது மிக எளிது. அழித்தாலும் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு அவர் கண்ணில் படும், அதற்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கைபேசியின் குறிப்புச் செயலியிலோ ஒரு தாளிலோ எழுதுங்கள். குரல் பதிவாக அனுப்புவதையும் தவிருங்கள்; திருத்த முடியாது, பின்னால் எடுத்துக்காட்டவும் வசதிப்படாது.

எழுதியதை வரிக்கு ஒரு கேள்வியாகப் பிரித்து வரிசை எண் இடுங்கள். கேள்விக்குறி இல்லாமலே கேள்வியாக நிற்கும் வாக்கியங்களையும் இதில் சேர்க்க வேண்டும். "நீங்கள்தானே ஒரு மாதத்தில் தருகிறேன் என்றீர்கள்" என்பதும் கேள்விதான், அந்தத் 'தானே' அதைக் கேள்வியாக்கிவிடுகிறது.

2. எந்தக் கேள்விக்கு உண்மையிலேயே விடை வேண்டும் என்று பாருங்கள்

விடை தெரிந்தே கேட்பதை அறிவினா என்றும், தெரியாமல் கேட்பதை அறியா வினா என்றும் பிரித்துச் சொல்கிறோம். மாணவனின் அறிவைச் சோதிக்க ஆசிரியர் கேட்பது அறிவினாவுக்கு வழக்கமான எடுத்துக்காட்டு. கோபத்தில் நாம் எழுதுவனவும் பெரும்பாலும் அந்த வகையே. ஆசிரியர் இடத்தில் நம்மை வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவரை மாணவனாக நிற்க வைக்கிறோம்; அறுபது வயதைக் கடந்த ஒருவருக்கு முதலில் உறைப்பது அதுதான்.

இரண்டையும் பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அந்தக் கேள்விக்கு அவர் நேர்மையாக ஒரு விடை எழுதிவிட்டதாக எண்ணிப் பாருங்கள், அந்த விடையால் உங்கள் காரியம் நகருமா என்று கேளுங்கள். "நாற்பது நாள் ஆனது தெரியாதா" என்பதற்கு அவர் "தெரியும்" என்று எழுதினால் எனக்கு ஒரு ரூபாயும் வரப்போவதில்லை. "எத்தனை தடவை கேட்பது" என்பதற்கு "ஐந்து தடவை" என்பது விடையாகாது. ஆனால் "எப்போது தருவீர்கள்" என்பதற்கு அவர் ஒரு தேதியை எழுதினால் காரியம் நகரும். என் ஆறு கேள்விகளில் இந்தச் சோதனையில் தேறியது அந்த ஒன்று மட்டுமே; அதிலும் 'எப்போதுதான்', 'உத்தேசம்' ஆகிய சொற்கள் அதைக் குத்தலாக்கியிருந்தன.

குழாய் பற்றிய கேள்வி ஒரு நடுத்தர நிலை. அந்த வடிவில் அதற்கு விடை கிடையாது. ஆனால் குழாய்க்கு எவ்வளவு ஆனது, அதற்குப் பில் உண்டா என்பது எனக்கு உண்மையிலேயே தெரியாது. கோபக் கேள்விக்குள் இப்படி ஓர் உண்மையான ஐயம் ஒளிந்திருந்தால் அதை விட்டுவிடக் கூடாது.

3. ஒவ்வொரு கேள்வியையும் செய்தியாகவும் தேவையாகவும் பிரித்தெழுதுங்கள்

அதிக நேரம் எடுக்கும் படி இதுதான். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் 'நடந்தது' என்றும் வலப்பக்கம் 'எனக்கு வேண்டியது' என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து முதலில் அதன் விடையை முழு வாக்கியமாக்குங்கள். தமிழில் இத்தகைய கேள்விகள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் திரும்பும்: "தெரியாதா" என்பது "தெரியும்" ஆகும், "யார் பொறுத்துக்கொள்வார்கள்" என்பது "யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்" ஆகும்.

இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். "உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா?" என்பதைத் திருப்பினால் "உங்களுக்கு மனசாட்சி இல்லை" என்று வரும். கேள்விக்குறி போய்விட்டது, குற்றச்சாட்டு இன்னும் கடுமையாகிவிட்டது. ஆகவே திருப்பிய வாக்கியத்தை வைத்துக்கொண்டு இன்னொரு கேள்வியை உங்களுக்குள் கேட்க வேண்டும்: அவர் என்ன செய்தால் இந்த வாக்கியத்தை எழுத வேண்டிய அவசியமே எனக்கு இருக்காது? அதற்கு வரும் விடைதான் வலப்பக்கத்தில் எழுத வேண்டியது. அது ஒரு செயலாக இருக்க வேண்டும், அவரால் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். என் ஆறு கேள்விகளும் இப்படி மாறின.

"எத்தனை தடவைதான் கேட்பது?" நடந்தது: ஏப்ரல் 10 முதல் ஐந்து முறை கேட்டிருக்கிறேன். வேண்டியது: இனி நான் கேட்காமலே இருக்கும்படி, பணம் வரும் தேதி எழுத்தில் வேண்டும்.

"நாற்பது நாள் ஆனது தெரியாதா?" நடந்தது: மார்ச் 31 அன்று சாவியைக் கொடுத்தோம். இதில் தேவை என்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தேதி செய்தியின் தொடக்கத்தில் இருக்க வேண்டும் என்பது புரிந்தது. நாற்பது நாள் என்பதை அவர் கணக்கிட்டுக்கொள்வார்.

"எப்போதுதான் தருவதாக உத்தேசம்?" வேண்டியது: தேதி. ஆனால் "எப்போது தருவீர்கள்" என்று ஏற்கெனவே ஐந்து முறை கேட்டு "பார்க்கலாம்" என்ற பதிலையே பெற்றிருந்தேன். விடை வராமல் திரும்பத் திரும்பக் கேட்ட உண்மைக் கேள்வியும் நாளடைவில் குத்தலாகிவிடுகிறது. எனவே அதைக் கேள்வியாக விடாமல் நானே ஒரு தேதியை முன்வைத்தேன்.

"நாங்கள் என்ன பிச்சையா கேட்கிறோம்?" இதற்குத்தான் வெகுநேரம் பிடித்தது. திருப்பினால் "நாங்கள் பிச்சை கேட்கவில்லை, எங்கள் பணத்தையே கேட்கிறோம்" என்று வருகிறது. சரியான செய்திதான், ஆனால் யாரும் மறுக்காதது. இதற்குப் பின்னால் இருந்த உண்மையான தொல்லை வேறு. புது வீட்டின் அட்வான்ஸுக்காக நகையை அடகு வைத்திருந்தோம். பணம் துண்டு துண்டாக வந்தால் நகையை முழுவதுமாக மீட்க முடியாது, வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வேண்டியது: மீதி முழுவதும் ஒரே தடவையில் வர வேண்டும், முடியாவிட்டால் தவணைகளின் தேதி முன்கூட்டியே தெரிய வேண்டும். இதை நான் அவரிடம் அதுவரை சொன்னதே இல்லை என்பதை அந்தத் தாளில் எழுதும்போதுதான் உணர்ந்தேன்.

"குழாய்க்குத் தனியாகப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?" வேண்டியது: பிளம்பர் கொடுத்த பில்லின் படம், அதைப் பார்த்த பிறகே அந்தத் தொகையைப் பற்றிப் பேச்சு.

"போனைக்கூட எடுக்க முடியாத அளவுக்கு என்ன வேலை?" வேண்டியது: பதில் மட்டுமே. போனில்தான் பேச வேண்டும் என்பதில்லை, ஒரு வரி எழுதினாலும் போதும்.

4. தொகையை ஆவணத்தோடு ஒப்பிட்டுக் கணக்கை முடியுங்கள்

இந்தப் படியை நான் முதலிலேயே செய்திருந்தால் அந்த முதல் செய்தியே பிறந்திருக்காது என்று நினைக்கிறேன். என் மனத்தில் 'இன்னும் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் வர வேண்டும்' என்ற தோராயமான எண்ணம்தான் இருந்தது. கணக்கு தெளிவாக இல்லாதபோது அந்த இடத்தைக் கேள்விகள் நிரப்பிவிடுகின்றன.

எடுத்துவைக்க வேண்டியவை இவை: வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் கொடுத்ததற்கான வங்கிக் கணக்குப் பதிவு அல்லது ரசீது, சாவி ஒப்படைத்த நாளில் அனுப்பிய செய்தி, காலி செய்த அன்று எடுத்த வீட்டின் படங்கள், கடைசி மின் கட்டண ரசீது. ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தாலும், எல்லா ஒப்பந்தத்திலும் அது எழுதப்பட்டிருப்பதில்லை. எங்களுடையதில் எழுதப்பட்டிருந்தது.

எங்கள் கணக்கு: அட்வான்ஸ் 70,000 ரூபாய். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை 14,000. நாங்கள் போன பிறகு வந்து அவர் கட்டிய மின் கட்டணம் 1,860. இரண்டையும் கழித்தால் 54,140. ஏப்ரல் 16 அன்று அவர் அனுப்பியது 20,000. மீதி 34,140 ரூபாய். மின் கட்டணத்தை அவர் கட்டியதை நான் மறந்தே போயிருந்தேன். கோபத்தில் அதிகத் தொகையைச் சொல்லியிருந்தால் அந்த 1,860-ஐ வைத்தே அவர் என்னை மடக்கியிருப்பார், அதில் நியாயமும் இருந்திருக்கும்.

சட்டத்தையும் இந்த இடத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், வாடகைதாரர் தர வேண்டியவற்றைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதில் உள்ள விதி. "சட்டம் என்று ஒன்று இருப்பது தெரியுமா?" என்று எழுதினால் அது மிரட்டலாகவே படிக்கப்படும். ஒரு மாதக் கெடு என்ற செய்தியாக எழுதினால் அது தகவல். முதல் செய்தியில் அதையும் சேர்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இரண்டாவது நினைவூட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. இடைச்சொற்களைத் தேடி நீக்குங்கள்

கேள்விக்குறிகளை எல்லாம் எடுத்த பிறகும் செய்தியில் கோபம் மிஞ்சியிருப்பதாகத் தோன்றினால் சின்னஞ்சிறு ஒட்டுகளைப் பாருங்கள். 'தான்', 'கூட', 'ஆவது', 'தானே' ஆகியவை தமிழில் பெரிய வேலை செய்கின்றன. "மே 25-க்குள் அனுப்புங்கள்" என்பது கோரிக்கை. "மே 25-க்குள்ளாவது அனுப்புங்கள்" என்பதில் அதுவரை நடந்த எல்லாத் தாமதத்தின் மேலும் ஒரு பழி இருக்கிறது. "பதில் வரவில்லை" என்பது செய்தி, "ஒரு பதில்கூட வரவில்லை" என்பது புகார். என் இரண்டாம் வரைவில் இப்படிப்பட்டவை நான்கு இருந்தன. நான்கையும் எடுத்த பிறகும் வாக்கியங்களின் பொருளில் எதுவும் குறையவில்லை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. பணிவாக இருக்க வேண்டும் என்று எண்ணி "பார்த்துச் செய்யுங்கள் சார்", "கொஞ்சம் சீக்கிரம் கொடுத்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதிவிடுகிறோம். தொகையும் தேதியும் இல்லாத இந்த வாக்கியங்களுக்குப் "பார்க்கலாம்" என்பதே பொருத்தமான பதில், அதுதான் வரும். மரியாதையை 'சார்', 'உங்கள்', 'கேட்டுக்கொள்கிறேன்' ஆகிய சொற்களில் வையுங்கள், தொகையிலும் தேதியிலும் தயக்கம் காட்டாதீர்கள்.

6. செய்தியை வரிசைப்படுத்தி எழுதுங்கள்

நடந்ததும் கணக்கும் முதலில், தொகையும் தேதியும் அடுத்து, மற்றவை கடைசியில் என்ற வரிசை எனக்குப் பயன்பட்டது. மே 13 அன்று நான் அனுப்பியது இது.

"வணக்கம் சார். போன செய்தியில் நான் பேசிய விதத்திற்கு வருந்துகிறேன். மார்ச் 31 அன்று வீட்டைக் காலி செய்து சாவியை உங்களிடம் கொடுத்தோம். அட்வான்ஸ் 70,000 ரூபாய். அதில் ஒப்பந்தப்படி பெயிண்டிங்குக்கு 14,000, நீங்கள் கட்டிய மின் கட்டணம் 1,860 போக, எங்களுக்கு வர வேண்டியது 54,140. ஏப்ரல் 16 அன்று நீங்கள் அனுப்பிய 20,000 கிடைத்தது. மீதி 34,140 ரூபாயை மே 25-க்குள் அதே வங்கிக் கணக்கிற்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். புது வீட்டுக்காக நகையை அடகு வைத்திருக்கிறோம். முழுத் தொகையும் சேர்ந்து வந்தால் அதை மீட்டுவிடுவோம். ஒரே தடவையில் இயலாது என்றால் எந்தெந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதுங்கள். குளியலறைக் குழாய்க்கான பில்லின் படத்தை அனுப்பினால் பார்த்துவிட்டு அதைப் பற்றிச் சொல்கிறேன். போனில் பேச நேரமில்லை என்றால் இங்கேயே மே 16-க்குள் ஒரு வரி எழுதினால் போதும்."

இதில் ஒரு கேள்விகூட இல்லை. வருத்தம் தெரிவிக்கும் வாக்கியம் எல்லோருக்கும் தேவைப்படாது. நான் ஏற்கெனவே புண்படுத்தியிருந்ததால் அது வேண்டியிருந்தது, ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டேன். நகை அடகைப் பற்றிய வரியைச் சேர்ப்பதா என்று வீட்டில் விவாதம் நடந்தது. இரக்கத்தைத் தேடுவது போலத் தோன்றக் கூடாது என்றார் என் மனைவி. தவணைத் தேதியை நாம் கேட்பதற்கான காரணம் அதுதான் என்பதால் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

7. அனுப்பும் நேரம், காத்திருக்கும் கெடு, செலவு

எழுதிய அன்றிரவே அனுப்பாதீர்கள். மறுநாள் காலை, வீட்டில் வேறொருவரைப் படிக்கச் சொல்லி, "இதில் அவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது" என்று மட்டும் கேளுங்கள். படித்தவர் தொகையையும் தேதியையும் தடுமாறாமல் சொன்னால் அனுப்பலாம்.

பதிலுக்கு மூன்று நாள், பணத்திற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் என இரண்டு கெடுக்களைத் தனித்தனியாகக் கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் அதே செய்தியைச் சட்டத்தில் உள்ள ஒரு மாதக் கெடுவோடு சேர்த்து மறுபடி அனுப்புங்கள். புதிய சொற்களைச் சேர்க்காதீர்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அதையே கடிதமாக அச்சிட்டு, ஒப்பந்த நகலையும் இணைத்து, சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். இதற்கு ஆகும் செலவு அச்சு, நகல், தபால் எல்லாம் சேர்ந்து சிறிய தொகைதான். வழக்கறிஞரிடம் போக நேர்ந்தாலும் முதலில் அவர் கேட்கப்போவது தேதியும் தொகையும் உள்ள இந்த எழுத்தைத்தான். நான் முதலில் அனுப்பிய ஆறு கேள்விகளை அவரிடம் காட்டியிருந்தால் அதிலிருந்து ஒரு தொகையையும் எடுத்திருக்க முடியாது.

பணத்தைத் தரவே கூடாது என்று முடிவு செய்துவிட்ட ஒருவரை எந்த வாக்கியமும் மாற்றாது. எங்கள் வீட்டு உரிமையாளர் அப்படிப்பட்டவர் அல்லர். புதிதாகக் குடிவருபவரின் அட்வான்ஸ் வந்த பிறகே எங்களுக்குத் தர முடியும் என்ற நிலையில் இருந்தார், அதைச் சொல்லக் கூச்சப்பட்டார். மே 14 காலை அவருடைய பதில் வந்தது. "தம்பி, 25-ஆம் தேதி 20,000 போடுகிறேன். மீதி ஜூன் 5. குழாய் பில் 650, படம் அனுப்பியிருக்கிறேன்." படத்தில் இருந்தது காலி செய்வதற்கு முந்தைய வாரம் என் மகன் திருகி உடைத்த குழாய்தான். 650 ரூபாயைக் கழித்துக்கொள்ளுங்கள், ஜூன் 5 அன்று 13,490 அனுப்பினால் கணக்கு முடிந்தது என்று எழுதினேன்.